தாய்லாந்து ரசீதைத் தமிழாக்கும்போது: தேதி, பணம், எடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு ரசீதைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் சொற்கள் ஓரளவு சரியாக வந்துவிடுகின்றன. இடறுவது எண்களில்தான். தாய்லாந்து ரசீதை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். ஆண்டுக் கணக்கு வேறு, எழுத்து வேறு, பணத்துக்கும் தங்க எடைக்கும் ஒரே பெயர் என்று ஒரே தாளில் எல்லாச் சிக்கலும் அங்கே கிடைக்கும். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற நாட்டு ரசீதுகள் அவ்வளவு தொல்லை தராது.

ரசீதில் 05/03/67 என்று போட்டிருக்கிறது. இது எந்த வருடம்?

2024. தேதி, 2024 மார்ச் 5.

தாய்லாந்தில் அன்றாட வழக்கில் இருப்பது புத்த ஆண்டு. நம் ஆண்டைவிட அது 543 கூடுதல். 67 என்பது 2567-இன் கடைசி இரண்டு இலக்கம். 2567-இல் 543-ஐக் கழித்தால் 2024. மாதமும் நாளும் நம் காலண்டரில் உள்ளவையே, வருடம் பிறப்பதும் ஜனவரி 1-ஆம் தேதிதான். அதனால் வருட எண்ணை மட்டும் மாற்றினால் போதும். மாதத்தையோ நாளையோ தொட வேண்டாம்.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்குப் பழக்கமான புத்த ஆண்டுக்கும் தாய்லாந்தின் புத்த ஆண்டுக்கும் ஒரு வருட வித்தியாசம் உண்டு. 2500-ஆவது புத்த ஜயந்தி இலங்கையில் 1956-இல் கொண்டாடப்பட்டது. தாய்லாந்துக்கு அந்த 2500 வந்தது 1957-இல். எனவே இலங்கைக் கணக்கை மனதில் வைத்து 544-ஐக் கழித்துவிடாதீர்கள்.

இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் எது எந்தக் கணக்கு என்ற சந்தேகம் வருவது இயல்பு. இப்போதைக்கு அதைத் தீர்ப்பது எளிது. அறுபதுகளில் இருந்தால் புத்த ஆண்டு, இருபதுகளில் இருந்தால் நம் ஆண்டு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு தாளில்கூட இரண்டும் கலந்து வரும். கடையின் பில்லில் 67 என்றும், கார்டு தேய்த்த மெஷினிலிருந்து வந்த ஸ்லிப்பில் 24 என்றும் இருக்கலாம். அந்த ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பில்லின் வருடத்தை உறுதி செய்ய அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மார்ச் 5-ஆ, மே 3-ஆ? அதை எப்படி உறுதியாகச் சொல்வது?

தாய்லாந்தில் நம்மைப் போலவே நாள், மாதம், வருடம் என்ற வரிசைதான். ஆகவே மார்ச் 5.

ஆனால் உங்கள் போனோ ஆப்போ அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் மாதத்தை முதலில் வைத்துப் படித்து மே 3 என்று காட்டிவிடும். நாள் 12-ஐத் தாண்டினால் தவறு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் 25-ஆவது மாதம் கிடையாது. 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வருடத்தில் 132 நாட்கள் இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியவை. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அப்படிப்பட்ட தேதி வந்தால் அந்த ஒரு வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதே கடையில், அதே பயணத்தில் வாங்கிய வேறு ரசீதை எடுங்கள். அதில் 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்று இருந்தால் வரிசை தெளிவாகிவிடும். இல்லையென்றால் பாஸ்போர்ட்டின் வருகை முத்திரை, விமான டிக்கெட், கார்டு ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். மேயில் நீங்கள் மதுரையில் இருந்திருந்தால் அது மார்ச்தான்.

மாதம் எழுத்தில் இருக்கிறது. நான் போனது மார்ச்சில், ஆப் ஜனவரி என்கிறது. ஆப் தவறா, கடை தவறா?

பெரும்பாலும் புகைப்படம்தான் தவறு. இதில் நானே மாட்டியிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தாய்லாந்து மொழியில் மாதப் பெயர்களை இரண்டு மெய்யெழுத்தும் புள்ளிகளுமாகச் சுருக்கி எழுதுவார்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் அந்த இரண்டு மெய்யெழுத்தும் ஒன்றேதான். மார்ச்சில் முதல் எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சிறிய உயிர்க்குறி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. நம் 'ம'வுக்கும் 'மீ'க்கும் உள்ள வேறுபாடு போல. ஆனால் நம் சுழி எழுத்தோடு ஒட்டி வரும். அங்கே அது தனியாக மேலே நிற்கும். பில் மெஷினின் அச்சு மங்கினாலோ, படத்தில் வெளிச்சம் பட்டுத் தெறித்தாலோ முதலில் மறைவது அந்தக் குறிதான். குறி போனால் மார்ச் ஜனவரி ஆகிவிடும். ஆப் பார்த்ததைச் சரியாகத்தான் படித்திருக்கும்.

உறவினர் ஒருவருக்காக ஒரு மருத்துவமனை ரசீதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதில் ஜனவரி என்று எழுதிவிட்டேன். காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. சிகிச்சைத் தேதி, பயணம் தொடங்கும் முன்பே வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். மூலத் தாளைச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தபோது அந்தக் குறி மெலிதாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஜனவரி என்று வந்தால் எழுத்தின் தலையைப் பெரிதாக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

இதேபோல மே, நவம்பர் இரண்டின் சுருக்கத்திலும் முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது எழுத்துதான் வேறு. ஜூலை, செப்டம்பர் இரண்டிலும் அப்படியே. மங்கிய படத்தில் இந்த இரண்டு ஜோடிகளையும் ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

பாங்காக் நகைக்கடை ரசீதில் ஒரு சங்கிலிக்கு "2 பாத்" என்று இருக்கிறது. அவ்வளவு மலிவா?

அது விலை இல்லை, எடை.

பாத் என்பது தாய்லாந்தின் பணம். தங்கத்தை நிறுக்கும் அளவுக்கும் அதே பெயர், அதே எழுத்து. ஆப்புக்கு இரண்டும் ஒன்றுதான். அது எடைக் கட்டத்தில் இருப்பதையும் பணமாகவே மொழிபெயர்க்கும். ஒரு வரியில் "2 பாத்", அடுத்த வரியில் "75,000 பாத்" என்று வந்தால் ஏதோ முன்பணம் போலத் தோன்றும்.

நமக்கு இது புதிதல்ல. பவுன் என்கிற சொல்லே இங்கிலாந்துப் பவுண்டிலிருந்து வந்ததுதான். நம் ஊர் நகை பில்லில் "3 பவுன்" என்று எழுதியதை ஒரு வெளிநாட்டுக்காரர் மூன்று பவுண்டு பணம் என்றோ, மூன்று ராத்தல் எடை என்றோ படித்தால் எப்படியிருக்கும்? பாத்தை நாம் அப்படிப் படித்துவிடக் கூடாது.

தங்கத்தில் ஒரு பாத் எத்தனை கிராம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டித் தங்கமாக வாங்கினால் 15.244 கிராம். சங்கிலி, வளையல் போன்ற நகையானால் 15.16 கிராம். எனவே பொருள் என்ன என்பதைப் பார்த்த பிறகே கிராமாக்க வேண்டும். பாத்தின் கால் பங்குக்குச் சலுங் என்று பெயர். நகையில் ஒரு சலுங் 3.79 கிராம். பணத்திலும் சலுங் என்றால் கால் பாத், அதாவது 25 சதாங். ஆகவே "1 சலுங்" மோதிரத்தை 25 சதாங் நாணயம் என்று ஆப் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பவுனாக மாற்றிச் சொல்லச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். எடையை மாற்றலாம்: 2 பாத் நகை 30.32 கிராம், அதாவது 3 பவுன் 6 கிராம் சொச்சம். ஆனால் தரம் வேறு. தாய்லாந்து நகைத் தங்கம் 96.5 சதவீதம், நம் 22 கேரட் 91.6. பவுன் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் படிப்பவர் அதை 916 என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே மொழிபெயர்ப்பில் கிராமையும் 96.5% என்பதையும் எழுதி, பவுனை வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முழு ரசீதையும் ஒருமுறை செய்து காட்ட முடியுமா?

சரி. தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, அமைப்பு அங்குள்ள நகைக்கடைகளின் வழக்கம். ஆப் கொடுத்தது இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

```
தேதி             05/03/67
சங்கிலி          2 பாத்
விலை             75,200
திரும்ப வாங்கும் விலை  70,400
வித்தியாசம்       4,800
வரி 7%           336
மொத்தம்          75,536
```

தேதி, 2024 மார்ச் 5. எடை, நகை என்பதால் 30.32 கிராம். விலை 75,200 பாத், இது பணம். இதில் தங்கத்தின் விலையும் செய்கூலியும் சேர்ந்திருக்கிறது.

அடுத்த வரியில் பலர் குழம்புவார்கள். "திரும்ப வாங்கும் விலை" என்றால் கடை உங்களிடமிருந்து எதையோ வாங்கியது என்று பொருளில்லை. பழைய நகை போட்டுப் புது நகை எடுத்ததாக நினைத்துக்கொண்டு 70,400-ஐக் கழித்து, 4,800 மட்டுமே கொடுத்ததாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரி வரிக்கணக்குக்காக அச்சிடப்படுவது. அங்கே நகை விற்கும்போது மதிப்புக்கூட்டு வரி முழு விலைக்கும் கிடையாது. விற்ற விலைக்கும், அதே எடை நகையைத் திரும்ப வாங்கினால் அன்று கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். 4,800-இல் 7 சதவீதம் 336. அதை 75,200-உடன் கூட்டினால் 75,536. கணக்கு ஒத்துவருகிறது.

இந்த ஒத்துவருதல்தான் என் முதல் பரிசோதனை. மொழி தெரியாத ரசீதில் நமக்குத் துணை கூட்டல் கழித்தல்தான். மொத்தம் இடித்தால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது ஒரு வரியின் பொருளைத் தவறாக எடுத்திருக்கிறோம்.

இரண்டாவது பரிசோதனை, தொகையை எழுத்தில் எழுதிய வரி. முறையான வரி ரசீதுகளில் மொத்தத்தின் கீழே அடைப்புக்குறிக்குள் அது இருக்கும். நம் காசோலையில் "ரூபாய் … மட்டும்" என்று முடிப்போமே, அதே போல அங்கும் முழுத் தொகைக்கு ஒரு முடிப்புச் சொல் உண்டு. நம் மொழிபெயர்ப்பில் அது "எழுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு பாத் மட்டும்" என்று வர வேண்டும். படத்தில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் அதை இந்த வரியிலிருந்து மீட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆப் எழுபத்தைந்தாயிரத்தை "ஏழு பத்தாயிரம் ஐந்து ஆயிரம்" என்று உடைத்துத் தந்தால் அது தவறில்லை, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பணத்தை ரூபாயாக்க எந்த நாள் விலையை எடுப்பது?

யாருக்காக மாற்றுகிறீர்களோ அவருடைய விதிதான் முதலில். அலுவலகப் பயணப்படியா, காப்பீடா என்று பார்த்து, அவர்கள் எந்த விலையைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையென்றால், நீங்கள் உண்மையில் கொடுத்த விலையைவிடச் சரியானது வேறில்லை. கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்டில் இறங்கிய ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் என்றால் பாத் வாங்கிய அன்று பணமாற்றுக் கடை கொடுத்த பில்லில் விலை இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் வாங்கிய நாளின் மாற்று விலையைத் தேட வேண்டும். இந்தியாவில் 2018-இலிருந்து எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் நாள்தோறும் வெளியிடும் குறிப்பு விலை டாலர், பவுண்டு, யூரோ, யென் போன்ற சில பணங்களுக்குத்தான் உண்டு. பாத்துக்கு டாலர் வழியாகப் போகலாம். உதாரணத்துக்கு, ஒரு டாலருக்கு 82.80 ரூபாய், அதே நாளில் ஒரு டாலருக்கு 36 பாத் என்றால், ஒரு பாத் 2.30 ரூபாய். இரண்டு விலையும் ஒரே நாளுக்குரியவையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். முன்பு சொன்ன சங்கிலிக்கு 75,536-ஐ 2.30-ஆல் பெருக்கினால் 1,73,732.80 ரூபாய். இங்கே காற்புள்ளி இடம் மாறியதைக் கவனித்தீர்களா? பாத் தொகையில் அவர்கள் முறை, மூன்று மூன்றாக. ரூபாய்த் தொகையில் நம் லட்ச முறை. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கலாம், தப்பில்லை.

யென் ரசீது வைத்திருப்பவர்களுக்கு: குறிப்பு விலை 100 யென்னுக்குத் தரப்படுகிறது. அதை ஒரு யென் விலையாக எடுத்தால் ஒரு கோப்பைத் தேநீர் நூறு மடங்கு விலையாகிவிடும்.

கார்டு ஸ்லிப்பிலேயே ரூபாய்த் தொகை அச்சாகி வந்திருக்கிறது. அதையே எழுதலாமா?

எழுத வேண்டும். அது நீங்கள் கணக்கிட்ட மாற்றமல்ல, அங்கேயே நடந்த மாற்றம். சில கடைகளில் கார்டைத் தேய்க்கும்போது "பாத்திலா, ரூபாயிலா" என்று மெஷின் கேட்கும். ரூபாய் என்று அழுத்தினால் அங்கேயே ஒரு மாற்று விலை போட்டு, பாத் தொகை, ரூபாய்த் தொகை, அந்த விலை மூன்றையும் ஸ்லிப்பில் அச்சிட்டுவிடும். அந்த விலை பொதுவாக நமக்குக் கொஞ்சம் பாதகமாகவே இருக்கும். அதனால் இணையத்தில் தேடிய விலையோடு ஒத்துப்போகவில்லை என்று அதைத் திருத்தப் போகாதீர்கள். ஸ்லிப்பில் உள்ள மூன்றையும் அப்படியே எழுதுங்கள்.

ரசீதில் உள்ள ஒவ்வொரு பொருளின் விலையையும் ரூபாயாக்கித் தரலாமா?

வேண்டாம். மொத்தத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு சின்ன மளிகை ரசீது: 35, 45, 59 பாத். மொத்தம் 139. 2.30 விலையில் ஒவ்வொன்றையும் தனியாக மாற்றி முழு ரூபாயாக்கினால் 81, 104, 136, கூட்டினால் 321. மொத்தத்தை ஒரே தடவை மாற்றினால் 319.70, அதாவது 320. ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிரிவில் கேட்டால் பதில் சொல்வது நீங்கள்தான். பொருள்களின் எண்ணிக்கை கூடக்கூட இடைவெளியும் கூடலாம். பொருள்களின் விலையைப் பாத்திலேயே விட்டுவிட்டு, கடைசியில் மொத்தத்துக்கு எதிரே ரூபாயைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

விலைக்குப் பின்னால் 500.- என்று கோடு இருக்கிறது. கழித்தலா?

இல்லை. சதாங் எதுவும் இல்லை, முழுப் பாத் என்று காட்டுவது அந்தக் கோடு. மொழிபெயர்ப்பில் 500 பாத் என்று எழுதினால் போதும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பாத் குறியீடு. ஆங்கில 'பி' எழுத்தை நடுவில் ஒரு நெடுக்குக் கோடு வெட்டுவது போன்ற வடிவம் அது. மங்கிய படத்தில் ஆப் அதை எட்டு என்று படிக்க வாய்ப்புண்டு. 500 பாத் 8500 ஆகிவிடும். இதைப் பிடிப்பதும் கூட்டல்தான். அரசு அலுவலக ரசீதுகளில் தாய்லாந்துக்கே உரிய இலக்கங்களும் வரும். அவற்றில் நான்கும் ஐந்தும் ஏறக்குறைய ஒரே உருவம், ஐந்தின் உச்சியில் மட்டும் ஒரு சிறு மடிப்பு கூடுதல். கையால் எழுதிய ரசீதானால் அந்த இரண்டு இலக்கத்தையும் எழுத்தில் உள்ள தொகையோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

எக்செலில் தேதியைப் போட்டால் 1967 என்று மாறிவிடுகிறது. என்ன செய்வது?

இரண்டு இலக்க வருடத்தை எக்செல் தன் விதிப்படி நூற்றாண்டோடு சேர்த்துக்கொள்ளும். 67-ஐ அது 1967 என்றுதான் எடுக்கும். 2567 என்று முழுதாகப் போட்டாலும் 543 வருடம் தள்ளிய ஒரு தேதியாகவே வைத்துக்கொள்ளும். பிப்ரவரி 29 வந்தால் இன்னும் சிக்கல்: 2024 லீப் ஆண்டு, ஆனால் 2567 என்ற எண் நான்கால் வகுபடாது. அதனால் அந்தத் தேதியையே எக்செல் தேதியாக ஏற்காது. எனவே கழித்த பிறகே தேதியாக்க வேண்டும்:

```
=DATE(2500+67-543, 3, 5)
```

இதில் மாதமும் நாளும் தனித்தனியாக நிற்பதால் வரிசைக் குழப்பமும் வராது. ரசீதில் இருந்தது எதுவோ அதை, 05/03/67 என்றே, பக்கத்துக் கட்டத்தில் வெறும் எழுத்தாக வைத்துவிடுங்கள்.

அமெரிக்கா, ஜெர்மனி ரசீதுகளுக்கும் இதே வழிதானா?

வழி ஒன்றுதான், இடறும் இடம் வேறு. அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும். 03/05/24 என்றால் மார்ச் 5. பெட்ரோல் ரசீதில் காலன் இருக்கும். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். நம் பழைய பாடப்புத்தகத்துக் காலன் 4.546 லிட்டர், அது பிரிட்டிஷ் அளவு. அதைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் கூடிவிடும். விலை மூன்று தசம இடத்தோடு, 3.459 டாலர் என்பது போல வரும். அதைப் பார்த்து மூவாயிரத்துச் சொச்சம் என்று மிரள வேண்டாம். 10.4 காலனை 3.459-ஆல் பெருக்கினால் 35.97 டாலர். ரசீதின் மொத்தமும் அதுவாக இருந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர்மாறு. காய்கறி ரசீதில் "1,250 கிலோ" என்று இருந்தால் ஒன்றேகால் கிலோ. பக்கத்தில் கிலோ விலை 3,99 யூரோ, தொகை 4,99 என்றிருக்கும். ஒன்றேகாலை 3.99-ஆல் பெருக்கினால் 4.9875, அதாவது 4.99. இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தவர் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ தக்காளி என்று எழுதவே மாட்டார்.

கடைசியில் மொழிபெயர்ப்பில் எதை எழுதுவது, மூலத்தையா மாற்றியதையா?

இரண்டையும், ஆனால் எது எது என்று தெரியும்படி. ரசீதில் உள்ளதை மொழிபெயர்ப்பது ஒரு வேலை. அதை நம் கணக்குக்கு மாற்றுவது வேறு வேலை. மாற்றியதை மட்டும் எழுதினால், படிப்பவர் மூலத்தில் 2024-ஐத் தேடுவார். அங்கே 67 தான் இருக்கும். தாளும் மொழிபெயர்ப்பும் வேறு வேறு என்று சந்தேகம் வந்துவிடும்.

நான் எழுதும் முறை இது:

```
தேதி: 05/03/67 [புத்த ஆண்டு 2567 = 2024 மார்ச் 5]
எடை: 2 பாத் [தங்க எடை; நகை = 30.32 கிராம், 96.5%]
மொத்தம்: 75,536 பாத்
[ரூ. 1,73,732.80; 1 பாத் = ரூ. 2.30, 2024 மார்ச் 5]
```

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை எல்லாம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடுவேன். மாற்று விலை எங்கிருந்து எடுத்தது என்பதும் அங்கே வரும். கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டிய மொழிபெயர்ப்பானால் உடலில் மூலம் மட்டும்தான். மாற்றங்கள் எல்லாம் அடிக்குறிப்புக்குப் போய்விடும். படிக்க முடியாத இலக்கத்தை ஊகித்து நிரப்ப மாட்டேன். "ஓர் இலக்கம் தெளிவில்லை" என்று எழுதுவேன். கூட்டலிலிருந்து கண்டுபிடித்தால், கூட்டலிலிருந்து பெற்றது என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

ரசீதை எப்படிப் படம் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்?

வாங்கிய அன்றே எடுங்கள். பில் மெஷின் தாளில் வருவது மை அல்ல, சூட்டில் கறுத்த பூச்சு. வெயிலிலும் பர்ஸின் வெப்பத்திலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். தாளை மேசையில் நீவி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு தேதி வரிக்கும் மொத்தத்துக்கும் தனித்தனியாக நெருங்கி ஒவ்வொரு படம். அந்த மாதப் பெயரின் தலைமேல் உள்ள குறி முழுத் தாளின் படத்தில் தெரியாது, நெருங்கி எடுத்ததில்தான் தெரியும். தாள் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று துண்டாக எடுங்கள், ஆனால் ஒரு படத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த படத்திலும் வரட்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு வரி விடுபட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.